12 லிட்டர் மாடு, 6 லிட்டர் கணக்கு

கேள்வி: டாக்டர் ஐயா, என்னிடம் ஒரு கலப்பின மாடு இருக்கிறது. இரண்டாம் ஈத்து, கன்று போட்டு இரண்டு மாதம் ஆகிறது. கன்றுக்கு விட்டது போக தினம் 12 லிட்டர் ஊற்றுகிறேன், லிட்டருக்கு 36 ரூபாய். அடர்தீவனம் 6 கிலோ (கிலோ 28 ரூபாய்), வைக்கோல் 4 கிலோ (கிலோ 7 ரூபாய்), பசும்புல் 20 கிலோ. புல் சொந்த நிலம் என்பதால் செலவு இல்லை. வைத்தியத்துக்கு மாதம் 300 ஆகிறது. எல்லாம் போக நாளுக்கு 226 ரூபாய் நிற்க வேண்டும். ஆனால் போன ஈத்து முடிந்தபோது கையில் ஒன்றும் தங்கவில்லை. முதல் ஈத்துக்கும் இதற்கும் 16 மாத இடைவெளி. பணம் எங்கே போகிறது? இன்னும் மூன்று மாடு வாங்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் கூட்டல் கழித்தல் சரி, தேர்ந்தெடுத்த நாள்தான் தப்பு. கன்று போட்டு ஆறு முதல் எட்டு வாரத்தில் மாடு உச்சத்தில் கறக்கும். நீங்கள் அந்த உச்ச நாளை எடுத்து, எல்லா நாளும் அப்படித்தான் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கல்யாண வீட்டில் வந்த மொய்யை வைத்து மாதச் சம்பளம் சொல்வது மாதிரி அது.

மாட்டுக்கு ஒரு நாள் லாபம் பார்க்க வேண்டுமென்றால், ஒரு கன்று போட்டதிலிருந்து அடுத்த கன்று போடும் வரைக்கும் உள்ள மொத்த வரவையும் மொத்தச் செலவையும் எடுத்து, அத்தனை நாளாலும் வகுக்க வேண்டும். கறக்கிற நாள், கறக்காத நாள் எல்லாம் அதில் சேரும். வற்றிய மாடு பால் தராவிட்டாலும் தின்னாமல் இருப்பதில்லையே.

உங்கள் மாட்டுக்கே போட்டுப் பார்ப்போம். உச்சக் கறவையை 200-ஆல் பெருக்கினால் அந்த ஈத்தின் மொத்தப் பால் ஏறக்குறைய வந்துவிடும் என்று ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. உச்சத்துக்கு அப்புறம் மாதாமாதம் பத்தில் ஒரு பங்கு போலக் குறைந்துகொண்டே போகும் என்பதால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 12 லிட்டருக்கு 2,400 லிட்டர். ஈத்து இடைவெளியை 400 நாள் என்று வைத்துக்கொள்வோம் (இது நல்ல பராமரிப்பில் கிடைக்கிற இடைவெளி, உங்களுக்குப் போன தடவை கிடைத்தது அல்ல). அதில் 340 நாள் கறவை, 60 நாள் வற்றுக்காலம். 2,400-ஐ 400-ஆல் வகுத்தால் 6 லிட்டர். உங்கள் தொழுவத்தில் நிற்பது லாபக் கணக்குக்கு 6 லிட்டர் மாடுதான். நாள் வரவு 432 இல்லை, 216.

இனி செலவு. அடர்தீவனத்துக்கு நான் வழக்கமாகச் சொல்லும் அளவு, மாட்டின் உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. சினையின் கடைசி இரண்டு மாதம் வயிற்றில் வளரும் கன்றுக்காக இன்னொரு ஒன்றரை கிலோ. இந்தப்படி போட்டால் 400 நாளில் மொத்தம் 1,650 கிலோ வரும், 28 ரூபாய் வீதம் 46,200. வைக்கோல் 11,200. தாது உப்புக் கலவை தினம் 50 கிராம், கிலோ 120 என்று வைத்தால் 2,400. வைத்தியத்துக்கு நீங்கள் சொல்லும் மாதம் 300 என்பது 400 நாளில் 4,000. ஆனால் இரண்டு மூன்று சினை ஊசி, குடற்புழு மருந்து, தடுப்பூசி, நடுவில் ஒரு மடிநோய், ஒரு தீவன மறுப்பு என்று பார்த்தால் 6,000 வைப்பதுதான் நியாயம். காப்பீடு, கயிறு, மின்சாரம், கொட்டகை கழுவுவது என்று நாளுக்கு 13 ரூபாய், அது 5,200.

அப்புறம் அந்தச் சொந்தப் புல். செலவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள், உரம் போடுகிறீர்கள், அறுக்கிறீர்கள். அதே புல்லைப் பக்கத்துக்காரருக்கு விற்றிருந்தால் காசு வந்திருக்கும். கிலோ 2 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 20 கிலோவுக்கு நாள் 40, மொத்தம் 16,000.

கூட்டினால் செலவு 87,000. பால் வரவு 86,400. நாளுக்கு ஒன்றரை ரூபாய் கை கடிக்கிறது, அதுவும் உங்கள் உழைப்புக்கு ஒரு பைசா கூலி போடாமல்! 36 ரூபாய்க்குப் பால் விற்றால் இந்த மாட்டில் பாலிலிருந்து மட்டும் லாபம் வராது, கட்டுப்படியாகும் விலையே 36 ரூபாய் சொச்சம்தான்.

பயந்துவிட வேண்டாம். இதில் புல்லின் 16,000 உங்கள் கையை விட்டுப் போவதில்லை. அதைக் கழிக்காமல் பார்த்தால் 400 நாளில் 15,400 ரூபாய் கையில் நிற்க வேண்டும், நாளுக்கு 38 ரூபாய் போல. அது மாட்டின் லாபம் இல்லை, உங்கள் நிலத்தின் வாடகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். சாணியும் இருக்கிறது, உங்கள் நிலத்துக்கே போகும். கன்று இருக்கிறது, ஆனால் அதைத் தனி லாபமாக எழுதாதீர்கள். ஈத்துக்கு ஈத்து மாட்டின் விலை இறங்கிக்கொண்டே வரும், கிடேரிக் கன்று அந்த இறக்கத்தைச் சரிக்கட்டும், காளைக் கன்று என்றால் அதுவும் இல்லை.

போன ஈத்தில் ஒன்றும் தங்காததற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, அந்த 16 மாதம். 400 நாளைவிட 86 நாள் கூடுதல். முதல் ஈத்தில் கறவை எப்படியும் குறைவு, அது ஒரு பக்கம். அந்த 86 நாள் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். மாடு ஈத்துக் கடைசியில் 3 லிட்டர் கறந்துகொண்டு நின்றிருந்தால் வரவு 108, செலவு புல்லின் 40-ஐயும் சேர்த்து, வைத்தியம் இல்லாமலே 162 போல, நாளுக்கு 55 ரூபாய் நட்டம். பாலே நின்று வெறுமனே நின்றிருந்தால் தீனியும் மற்றதுமாக நாளுக்கு ஏறக்குறைய 130 ரூபாய் போயிருக்கும். முதல் வகையில் 86 நாளுக்கு ஐயாயிரத்தை ஒட்டி, இரண்டாம் வகையில் பதினோராயிரம். கையில் நிற்க வேண்டிய பணம் முதல் ஈத்தின் குறைந்த கறவையிலும் இந்தக் கூடுதல் நாட்களிலும்தான் கரைந்தது.

இதை வேறு மாதிரியும் சொல்லலாம். மாடு 21 நாளைக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். ஒரு பருவத்தை நீங்கள் கவனிக்காமல் விட்டால் அதன் விலை கறவையில் இருந்தால் ஆயிரத்துக்குச் சற்று மேல், வற்றி நின்றால் இரண்டாயிரத்து எழுநூறு. 86 நாள் என்றால் நான்கு பருவம். வைத்தியச் செலவு அதிகம் என்று புலம்புகிறவர்கள் பலரிடம் நான் பார்த்தது, என் கட்டணத்தில் போனதைவிட என்னைக் கூப்பிடாமல் போனது பல மடங்கு.

உங்கள் மாடு கன்று போட்டு இப்போது 60 நாள். சினைக்காலம் 280 நாள். 400 நாளில் அடுத்த கன்று வேண்டுமென்றால் 120-ஆம் நாளுக்குள் சினை நிற்க வேண்டும். ஆக உங்களுக்கு மூன்று பருவம் பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் கன்று போட்ட தேதியை நாள்காட்டியில் குறித்து, 120-ஆம் நாளைச் சிவப்பில் வட்டமிடுங்கள்.

ஒற்றை மாடு வைத்திருப்பவருக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. கூட்டமாக இருக்கும் மாடுகளில் பருவத்துக்கு வந்தது மற்றது மேலே ஏறினால் அசையாமல் நிற்கும், யார் கண்ணுக்கும் தப்பாது. உங்கள் மாட்டின் மேல் ஏற இன்னொரு மாடு இல்லை. அதனால் நீங்கள்தான் தேடிப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் மாடு படுத்திருக்கும்போதே, எழுப்புவதற்கு முன், பின்பக்கம் போய் டார்ச் அடித்துப் பாருங்கள். பருவம் என்றால் வாலிலோ தரையிலோ கண்ணாடி போலத் தெளிவாக, இழுத்தால் நூல் மாதிரி நீளும் வழும்பு தெரியும். ராத்திரி தீனி போட்ட பிறகு இன்னொரு தடவை. காரணமில்லாமல் கத்துவது, தீனியில் ஈடுபாடு குறைவது, அன்றைக்கு மட்டும் பால் ஒரு லிட்டர் குறைவது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடுவது, இவையும் அறிகுறிதான். ஆனால் சில மாடு கத்தவே கத்தாது, வழும்பு மட்டும்தான் சாட்சி. வழும்பு தெளிவாக இல்லாமல் வெள்ளையாகவோ சீழ் கலந்தோ இருந்தால் அது கர்ப்பப்பைக் கோளாறு, அன்றைக்கு ஊசி போட்டுப் பயனில்லை, முதலில் வைத்தியம்.

காலையில் பார்த்தால் அன்று மாலை சினை ஊசி, மாலையில் பார்த்தால் மறுநாள் காலை. பார்த்த உடனே அவசரப்படுவதும் தப்பு, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளுவதும் தப்பு. ஊசி போட்டு 21-ஆம் நாளை ஒட்டி இரண்டு மூன்று நாள் மறுபடியும் டார்ச் எடுங்கள். பருவம் திரும்பவில்லை என்பதற்காக சினை நின்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று மாதத்தில் கை விட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தப் பரிசோதனையைச் செய்யாமல், சினை என்று நம்பி ஏழு மாதம் தீனி போட்ட பிறகு வெறும் வயிறு என்று கண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த முகத்தை மறக்க முடியாது. இதுவரை ஒரு பருவமும் உங்கள் கண்ணில் படவில்லை என்றால் காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரை அழைத்துக் கர்ப்பப்பையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து தீவனம், மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அதுதான். இப்போது 6 கிலோ போடுகிறீர்கள், 12 லிட்டருக்கு அது கொஞ்சம் குறைவே, ஆறேகால் கிலோ வேண்டும். உச்சத்தில் தீவனத்தில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், 28 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டரை லிட்டர், அதாவது 90 ரூபாய்ப் பாலை இழப்பீர்கள். நான் பயப்படுவது ஏழாவது எட்டாவது மாதத்துக்கு. கறவை 5 லிட்டருக்கு வந்திருக்கும், அப்போதும் கை பழக்கத்தில் அதே 6 கிலோ விழும். அந்த நேரத்துக்கு மூன்றரை கிலோ போதும். மீதி இரண்டரை கிலோ, நாளுக்கு 70 ரூபாய், மாட்டுக்குக் கொழுப்பாகத்தான் போகிறது. கொழுத்த மாடு கன்று போட்டதும் தீனி எடுக்காமல் மடங்கும், அது வேறு செலவு.

அளக்கிற டப்பாவை முதலில் தராசில் வையுங்கள். ஒரு வீட்டில் கிலோ டப்பா என்று பழைய பெயின்ட் டப்பாவைக் காட்டினார்கள். தலை தட்டி நிறுத்தால் 1 கிலோ 300 கிராம். அந்தம்மா ஐந்து டப்பா போட்டதில் ஒன்றரை கிலோ தீவனம் கணக்கில் வராமல் தினம் போய்க்கொண்டிருந்தது, மூட்டை ஏன் சீக்கிரம் காலியாகிறது என்று ஆள் மாற்றி ஆள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். தவிடுக்கும் பிண்ணாக்குக்கும் ஒரே டப்பா ஒரே எடை காட்டாது என்பதையும் மனதில் வையுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பாலை அளந்து, அதற்கேற்பத் தீவனத்தை மாற்றுங்கள்.

நிலம் இருக்கிறதே, அதில் புல் மட்டும் போடாமல் ஒரு பகுதியில் வேலிமசால் மாதிரிப் பயறுவகைத் தீவனம் போடுங்கள். எட்டு கிலோ பச்சைப் பயறுத் தழை ஒரு கிலோ அடர்தீவனத்தின் வேலையைச் செய்யும். அதே 2 ரூபாய்க் கணக்கில் 16 ரூபாய்ச் சரக்கு 28 ரூபாய்ச் சரக்குக்குப் பதிலாக நிற்கிறது. தினம் ஒன்றரை கிலோ அடர்தீவனத்தை இப்படி மாற்றினால் நாளுக்கு 18 ரூபாய் மிச்சம். கையிலிருந்து போகும் காசு என்று பார்த்தால் 42 ரூபாய் நிற்கிறது. ஒரேயடியாக மாற்றாமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், காலையில் பனி ஈரத்தோடு இளந்தழையை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு உப்பிவிடும். சூபாபுல் போடுவதென்றால் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், அதில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது.

வைத்தியத்தில் நான் கவலைப்படுவது மடிநோய் ஒன்றுக்குத்தான். ஊசி மருந்து செலவு சில ஆயிரத்தில் முடியும், ஆனால் வைத்தியம் நடக்கும் நாளும் மருந்தின் எச்சம் பாலிலிருந்து போகும் நாளும் சேர்ந்து எட்டு நாள் என்றால், உச்சத்தில் இருக்கும் மாட்டில் 3,400 ரூபாய்ப் பாலைத் தரையில் கொட்ட வேண்டும். கொட்டத்தான் வேண்டும், ஊற்றக் கூடாது. ஒவ்வொரு வேளையும் முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியிலோ இருண்ட தட்டிலோ விட்டுப் பாருங்கள், திரி திரியாக இருந்தால் ஆரம்பம். கறந்ததும் காம்பைக் கிருமிநாசினியில் முக்கி, மாட்டின் முன்னால் புல்லைப் போட்டு அரை மணி நேரம் நிற்க வையுங்கள். கறந்தவுடன் காம்புத் துவாரம் திறந்திருக்கும், மாடு சாணியில் படுத்தால் கிருமி நேரே உள்ளே போகும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடினால் உங்கள் நாள் கணக்கில் 6 ரூபாய் கூடுகிறது, தீவனம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் 4 ரூபாய் குறைகிறது. சராசரி 6 லிட்டரில் பாதியை நேரே வீடுகளுக்கு 44 ரூபாய்க்கு ஊற்ற முடிந்தால் நாளுக்கு 24 ரூபாய் கூடுதல். கொழுப்பும் இதர திடச்சத்தும் பார்த்து விலை போடும் இடத்தில், வைக்கோலைக் குறைத்துத் தீவனத்தை ஏற்றினால் கொழுப்பு இறங்கி விலையும் இறங்கும். அதனால் அந்த 4 கிலோ வைக்கோலில் கை வைக்காதீர்கள்.

மூன்று மாடு? இப்போது வேண்டாம். புல்லின் விலையைப் போட்டால் ஒன்றரை ரூபாய் கடிக்கிற மாட்டை நான்காக்கினால் கடியும் நான்காகும், உங்கள் நிலத்துப் புல் நான்கு மாட்டுக்கு வராது, வெளியே வாங்கினால் நாற்பது ரூபாய் நிஜமாகவே கையை விட்டுப் போகும். இந்த மாடு 120 நாளுக்குள் சினை நின்று, பயறுத் தீவனம் அறுப்புக்கு வந்து, டப்பா கணக்கு சரியானதும் ஒரே ஒரு மாடு வாங்குங்கள். இது கன்று போட்டு ஆறேழு மாதம் ஆனபோது அது கன்று போடுகிற மாதிரி பார்த்து வாங்கினால் ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும், வாடிக்கை வீடுகளுக்குப் பால் நிற்காது. பருவத்தைக் காட்டிக்கொடுக்கவும் இன்னொரு மாடு ஆச்சு.

கறவை மாடாகவே பிடிப்பதாக இருந்தால், விற்பவர் வீட்டில் முந்தின நாள் மாலையிலிருந்து தொடர்ந்து மூன்று வேளை கறந்து பாருங்கள், முதல் வேளைப் பாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விலை பேசுவதற்காக ஒரு வேளை கறக்காமல் மடியை நிரப்பி நிறுத்துவது சந்தையில் பழைய வித்தை.